ஏற்காடு போகும் நாள்: வாக்களியுங்கள்

நண்பர்களே, வணக்கம். ஏற்காடு போவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம். நாள்தான் பாக்கி. கீழே வாக்கெடுப்பு வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஒத்துவரும் நாட்கள் எத்தனை இருந்தாலும் அத்தனையையும் தொடுங்கள். ஒன்றை மட்டும் தொட்டால் பொதுவான நாள் கிடைக்காது. மனம் மாறினால் புதன் இரவு 9 மணி வரை மாற்றிக்கொள்ளலாம். வியாழன் காலை வேனுக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும்.

*ஏற்காட்டுக்கு எந்த நாள்?*
▢ டிசம்பர் 5, சனி
▢ டிசம்பர் 6, ஞாயிறு
▢ டிசம்பர் 12, சனி
▢ டிசம்பர் 13, ஞாயிறு
▢ எந்த நாளும் வர இயலாது

என் விருப்பம் சனிக்கிழமை. மறுநாள் ஓய்வெடுக்கலாம், ஞாயிறன்று பகோடா பாயின்ட்டில் நிற்கவே இடம் இருக்காது. சனிக்கிழமை வேலை இருப்பவர்கள் தயங்காமல் ஞாயிறைத் தொடுங்கள், உங்களை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மழை முடிந்த கையோடு போனால் கிளியூர் அருவியில் தண்ணீர் இருக்கும், தோட்டங்களில் காப்பிப் பழம் சிவந்திருக்கும். அதனால்தான் ஜனவரிக்குத் தள்ளவில்லை.

காலை 6.30க்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் கூடுகிறோம். கொண்டை ஊசி வளைவுகள் 20 இருக்கின்றன. தலை சுற்றுபவர்களுக்கு முன் இருக்கை. அருவிக்கு இறங்கி ஏற முழங்கால் வலி உள்ள அண்ணன்மார் சிரமப்பட வேண்டாம், ஏரிக்கரையில் உங்களோடு நானும் இருக்கிறேன்.

குழந்தைகளை அழைத்து வருபவர்கள் எண்ணிக்கையை இங்கேயே எழுதிவிடுங்கள். இரண்டு நாட்கள் சமமாக வந்தால், குழந்தைகள் அதிகம் வரக்கூடிய நாளையே எடுத்துக்கொள்வோம்.