ஒன்பது சொற்கள், ஒரு வாக்கியம்

தம்பி, நீ அனுப்பிய கேள்வி, கலைந்து கிடக்கும் ஆங்கிலச் சொற்களைச் சரியாக அடுக்கி ஒரு வாக்கியமாக்கு என்பது, இதுதானே: மீ / பென் / கேவ் / ரெட் / யெஸ்டர்டே / த / அ / டீச்சர் / பிக். நீ எழுதியது "த டீச்சர் யெஸ்டர்டே மீ அ ரெட் பிக் பென் கேவ்". சொல் ஒன்றுகூட விடுபடவில்லை, ஆனால் அடுக்கியது தமிழ் வரிசையில். சரியான விடை:

த டீச்சர் கேவ் மீ அ பிக் ரெட் பென் யெஸ்டர்டே.

ஏன் இப்படி என்று புரிந்துவிட்டால் மனப்பாடமே வேண்டாம். "முருகன் மாலாவைக் கூப்பிட்டான்" என்பதை "மாலாவை முருகன் கூப்பிட்டான்" என்று மாற்றினாலும் கூப்பிட்டது முருகன்தான், ஏனென்றால் மாலாவோடு ஒட்டியிருக்கும் 'ஐ' அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அப்படி ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. "முருகன் கால்ட் மாலா" என்பதைத் திருப்பி "மாலா கால்ட் முருகன்" என்று போட்டால் கூப்பிட்ட ஆளே மாறிவிடுகிறார். பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் இருந்தன, காலப்போக்கில் தேய்ந்துபோயின; ஐ, மீ, ஹி, ஹிம் போன்ற சொற்களில் அந்த மிச்சம் இன்னும் தெரிகிறது. உருபு செய்த வேலையை இப்போது இடம் செய்கிறது.

அதனால் முதலில் வினையைப் பிடி: கேவ். கொடுத்தது யார்? டீச்சர், அது வினைக்கு முன்னால். யாருக்கு? மீ. என்ன? பென். இரண்டும் வினைக்குப் பின்னால், இதே வரிசையில். 'மீ'யைக் கடைசியில் வைக்க வேண்டுமென்றால் 'டு மீ' என்று வர வேண்டும், கொடுத்த சொற்களில் 'டு' இல்லையே! இந்த மாதிரிச் சின்னச் சொல் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அப்புறம் 'அ' தனியாக நிற்காது, பேனாவைப் பற்றிய சொற்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். அளவு முதலில், நிறம் பிறகு, எனவே பிக் ரெட். நாமும் பெரிய சிவப்புப் பேனா என்றுதானே சொல்கிறோம்.

யெஸ்டர்டே முதலிலும் வரலாம், தப்பில்லை. ஆனால் உன் தாளில் 'த' மட்டும் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, அதனால் வாக்கியம் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். வினைக்கும் 'மீ'க்கும் நடுவில் மட்டும் யெஸ்டர்டேயைச் செருகிவிடாதே.

அடுத்த கேள்வியில் "த பஸ் ஆல்வேஸ் இஸ் லேட்" என்று எழுதியிருக்கிறாய். 'இஸ்' வந்தால் ஆல்வேஸ் அதற்குப் பின்னால்: த பஸ் இஸ் ஆல்வேஸ் லேட். 'கம்ஸ்' போன்ற வினை என்றால் முன்னால்: த பஸ் ஆல்வேஸ் கம்ஸ் லேட். சரி, இப்போது மூன்றாவதை நீயே திரும்பப் போட்டு அனுப்பு, அதிலும் 'டு' இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.