டாக்டர் அம்பேத்கர் மறைந்தார்

பம்பாய், டிசம்பர் 8, 1956

டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் டிசம்பர் 6 அன்று தில்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் இல்லத்தில் உறக்கத்திலேயே காலமானார். வயது 65. பல ஆண்டுகளாகவே நீரிழிவு அவரை வாட்டிவந்தது. அன்றிரவே உடல் விமானத்தில் பம்பாய்க்கு வந்தது. தாதரில் புத்தகங்களுக்காகவே பார்த்துப் பார்த்து அவர் கட்டிய ‘ராஜகிருக’த்தில் வைக்கப்பட்டு, நேற்று தாதர் கடற்கரையில் பௌத்த முறைப்படி எரியூட்டப்பட்டது. மனைவி டாக்டர் சவிதா, முதல் மனைவி காலஞ்சென்ற ரமாபாயின் மகன் யஷ்வந்த் ஆகியோர் இருக்கிறார்கள்.

அரசியல் சட்டத்தை வகுத்தவர் என்றே நேற்று முதல் எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் சட்டத்தை எழுதுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்தவரல்லர் அவர். ஓர் உரிமையைக் கொடுத்துவிட்டோம் என்று யார் சொன்னாலும், மறுப்பவனுக்கு என்ன தண்டனை, மறுக்கப்பட்டவன் யாரிடம் போய்க் கேட்பது என்று பார்ப்பது அவர் வழக்கம். அந்தப் பாடம் மகாட் குளத்தில் தொடங்கியது.

பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சத்திரங்களைத் தீண்டாதாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டசபை 1923இல் தீர்மானம் போட்டது. கொலாபா ஜில்லா மகாட் நகரசபை மறு ஆண்டே அதை ஏற்று, தன் சவ்தார் குளத்தைத் திறப்பதாக அறிவித்தது. குளத்தில் முஸ்லிம்கள் தண்ணீர் எடுத்தார்கள், மாடுகள் குடித்தன. தீண்டாதார் மட்டும் கிட்டே போகவில்லை. போனால் அடி விழும். தீர்மானத்தை மீறினால் தண்டனை என்று எங்கும் எழுதவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அடிதடி நடந்தது. குளத்துக்குத் ‘தீட்டு’ கழிக்கப்பட்டது. ஆகஸ்டில் நகரசபை தன் தீர்மானத்தையே ரத்துசெய்தது. டிசம்பரில் அவர் மறுபடி போகவிருந்தபோது, குளம் தனிச்சொத்து என்று வழக்குப் போட்டு மேல்சாதியார் தடையுத்தரவு வாங்கினார்கள்.

கூடியிருந்தவர்கள் தடையை மீறிவிடத் துடித்தார்கள். வழக்கை வழக்காகவே வெல்வோம் என்று அவர்களை நிறுத்தியவர் அம்பேத்கர். அதே கூட்டத்தில் டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிக்கப்பட்டதையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் காத்த இந்தப் பொறுமையைப் பேசுவோர் குறைவு. வழக்கு ஹைகோர்ட் வரை போனது. தீண்டாதாரை விலக்கும் வழக்கம் தொன்றுதொட்டு வருவது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று 1937 மார்ச் 17இல் தீர்ப்பு வந்தது. ஒரு கை தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள், மூன்று நாள் குறைய.

அவர் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவ முகாமில் சுபேதார் ராம்ஜியின் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தார். சதாராவில் படித்தபோது பள்ளிக் குழாயை அவர் தொடக்கூடாது. பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தாகம். பரோடா மகாராஜாவின் உதவியில் கொலம்பியா சென்றார். பிறகு லண்டனில் பொருளாதாரத்தில் டி.எஸ்ஸி. பட்டமும் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். ரூபாயைப் பற்றியும் மாகாண நிதியைப் பற்றியும் அவர் எழுதிய ஆய்வுகளை, அவருடைய அரசியலை வெறுத்தவர்களும் படித்தார்கள்.

லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கு அவரோடு போன, தாழ்த்தப்பட்டோரின் இன்னொரு பிரதிநிதி நம் ரெட்டமலை சீனிவாசன். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமரின் தீர்ப்பு, தாழ்த்தப்பட்டோர் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி தந்தது. அதை எதிர்த்துக் காந்திஜி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல், தனித்தொகுதிக்குப் பதிலாக ஒதுக்கிடம் தரும் பூனா ஒப்பந்தம். அதில் சீனிவாசனும் எம். சி. ராஜாவும் கையெழுத்திட்டார்கள். மாகாண சட்டசபைகளில் மொத்தம் 148 ஒதுக்கிடங்கள். சென்னைக்கு 30, சிந்து உட்பட பம்பாய்க்கு 15. தனித்தொகுதியாகக் கிடைத்திருந்ததைவிட எண்ணிக்கை இரட்டிப்புக்கும் மேல்.

கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் சுற்றில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நால்வரைப் பொறுக்குவார்கள். அடுத்த சுற்றில் எல்லோரும் ஓட்டுப் போட்டு அந்த நால்வரில் ஒருவரை வெல்லவைப்பார்கள். தாழ்த்தப்பட்டோர் நம்பி முதலிடம் கொடுத்தவர் தோற்று, நாலாம் இடத்தில் வந்த சாதுவானவர் ஜெயிக்கலாம். இடம் கூடியது, ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கைமாறியது. இதைத்தான் அவர் கடைசிவரை குறையாகச் சொன்னார். இன்றைய அரசியல் சட்டத்தில் அந்த முதல் சுற்றும் இல்லை. 1952இல் வட பம்பாய் ஒதுக்கிடத்தில் அவரே தோற்றார். சட்டசபை ஒதுக்கீட்டுக்கும் பத்து ஆண்டுக் கெடு வைத்திருக்கிறார்கள். 1960 அதிக தூரத்தில் இல்லை.

1942இல் நாகபுரியில் ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் உருவானபோது தலைவரானவர் சென்னை என். சிவராஜ். அந்த ஆண்டே அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றார். தொழிற்சாலைச் சட்டத்தின் 1946 திருத்தத்தால் ஆண்டு முழுவதும் ஓடும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேர வேலை 48 ஆகக் குறைந்தது. பரேல் மில்லில் ஷிப்டு பார்க்கும் நம்மவர்கள் சங்கு ஊதியதும் வீட்டுக்குக் கிளம்புகிறார்களே, அதில் அவருக்கும் பங்குண்டு.

அரசியல் சட்ட வரைவுக் குழுவில் எழுவர். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், கோபாலசாமி ஐயங்கார் என நம்மவர்களும் இருந்தார்கள். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்கா போனார், சிலர் தில்லிக்கு வெளியே இருந்தார்கள், ஆகவே சுமை முழுவதும் டாக்டர் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று 1948 நவம்பரில் சபையிலேயே சொன்னவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, இன்றைய நிதி அமைச்சர். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் ஷரத்து ‘ஒழிக்கப்பட்டது’ என்பதோடு நிற்கவில்லை. அதைக் கடைப்பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. உரிமை பறிபோனால் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வழிவிடும் 32ஆம் ஷரத்தைச் சட்டத்தின் இதயம் என்றார்.

1955 ஜூன் முதல் அமலில் உள்ள தீண்டாமைக் குற்றச் சட்டம் அதன் தொடர்ச்சி. கோயில், கிணறு, ஓட்டல், முடிதிருத்தும் கடை எதில் தடுத்தாலும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்டு இல்லாமலே போலீஸ் கைதுசெய்யலாம். தடுக்கப்பட்டவர் ஷெட்யூல்டு வகுப்பினர் என்றால், தீண்டாமையால்தான் தடுத்ததாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டும் பொறுப்பு எதிரியுடையது. ஆனால் கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளவும் இடம் வைத்திருக்கிறார்கள். பண்ணையாரிடம் கூலிக்குப் போகிறவன் எந்த அழகில் சமரசம் பேசுவான் என்பது கிராமத்தில் வாழ்ந்தவருக்குத் தெரியும்.

பெண்ணுக்குச் சொத்தும் விவாகரத்தும் தரும் இந்து சட்ட மசோதா கிடப்பில் போடப்பட்டதால் 1951இல் மந்திரி பதவியை விட்டார். அதையே துண்டு துண்டாக்கிச் சென்ற ஆண்டு திருமணச் சட்டமாகவும் இந்த ஆண்டு வாரிசுச் சட்டமாகவும் நிறைவேற்றினார்கள். அப்போது அவர் மந்திரியாக இல்லை.

இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் யேவலாவில் சொன்னதை நிறைவேற்ற 21 ஆண்டுகள் ஆயின. அவசரப்பட்டு மதம் மாறியதாகப் பேசுவோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை. நம் சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசுவின் பௌத்த நூலை 1948இல் மறுபடி அச்சிட்டு முன்னுரை எழுதியதும் அந்தத் தயாரிப்பில் ஒரு பகுதி. கடந்த அக்டோபர் 14, விஜயதசமியன்று நாகபுரியில் தீட்சை பெற்று, லட்சக்கணக்கானோருக்குத் தாமே 22 உறுதிமொழிகளைச் சொல்லிக்கொடுத்தார். நேற்று சிதைக்கு அருகிலேயே பெருந்திரளானோர் தீட்சை பெற்றார்கள்.

பம்பாயில் அவர் முன்னிலையில் டிசம்பர் 16 அன்று தீட்சை விழா நடப்பதாக இருந்தது. புத்தரைப் பற்றி அவர் எழுதி முடித்த பெரிய நூல் இன்னும் அச்சாகி வெளிவரவில்லை. அதன் முன்னுரைதான் கடைசி இரவில் அவர் மேஜை மேல் இருந்தது.