தூக்குவாளியோடு ஒரு பெருநாள் வாழ்த்து

(திருச்சி பாலக்கரை, நம் சந்தில் இருக்கிற எல்லா வீட்டுக்கும். தொழுகை முடிந்து வந்து, சட்டை கசங்குவதற்குள் படிக்கவும். கண்ணாடி தேடுகிற பெரியவர்களுக்குப் பிள்ளைகள் சத்தமாகப் படித்துக் காட்டவும்.)

எதிர்வீட்டுப் பாய்க்கு, பாயம்மாவுக்கு,
அத்தர் மணக்க ஈத்கா போய்வந்த பேரன்கள் மூவருக்கு,
மாடிவீட்டு டீச்சருக்கு,
முனையில் மாவு மில் வைத்திருக்கும் அண்ணனுக்கு
டெய்லர் வீட்டிலிருந்து எழுதுவது:
ஈத் முபாரக்!
நோன்புப் பெருநாள் வாழ்த்து!

ராத்திரி ஒன்றரை மணி வரை
மிஷின் ஓடியதற்கு முதலில் மன்னிப்பு.
பிறை தெரிந்ததா, தெரியவில்லையா,
தலைமை காஜி வாய் திறக்கும் வரைக்கும்
காஜா எடுக்காமல் கிடந்த சட்டை பதினாறு.
காஜி சொன்னார்,
காஜா ஏறியது.
நடுப்பையனுக்குக் கை ஓர் அங்குலம் நீளம்.
தப்பு என்று நினைக்க வேண்டாம்,
அடுத்த பெருநாளுக்கும் சேர்த்து வைத்தேன்.

நோன்பு மாதம் முழுக்க உங்கள் சமையல்கட்டில்
மூன்றரைக்கு விசிலடித்தது குக்கர்.
உங்களுக்கு அது சஹர்.
எனக்கு அது குழாயில் தண்ணீர் வரப்போகிற நேரம்.
பள்ளிவாசல் மைக் எழுப்புவதற்கு முன்னால்
உங்கள் குக்கர் எழுப்பிவிடும்.
நாளையிலிருந்து அலாரம் வைக்க வேண்டுமே,
அதுதான் கொஞ்சம் கவலை.

இந்த வருஷம் கவனித்தீர்களா, பாயம்மா,
சந்தில் யார் வீட்டிலும் அடுப்பு சரியாக எரியவில்லை.
நெற்றியில் சாம்பல் பூசி
டீச்சர் தவக்காலம் தொடங்கிய அதே வாரம்
நீங்கள் முதல் நோன்பு வைத்தீர்கள்.
வெள்ளிக்கிழமை ஆனால்
அவர் சகாய மாதா கோயிலில் சிலுவைப்பாதை,
பாய் பள்ளிவாசலில் ஜும்மா,
கறிக்கடைக்காரர் கல்லாவில் கொட்டாவி.

மாசி கடைசி ஞாயிறு
சமயபுரத்தில் பூச்சொரிந்தார்கள்.
அன்றிலிருந்து இருபத்தெட்டு நாள்
ஆத்தாளுக்கே பச்சைப்பட்டினி.
பக்தனுக்காகச் சாமி பட்டினி கிடக்கிற ஊர் நம் ஊர்.
தளிகை கிடையாது,
துள்ளு மாவு, நீர்மோர்,
பானகம், இளநீர், அவ்வளவுதான்.
மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு நானும் கறி விட்டேன்.

நோன்பு என்ற சொல்லை
நீங்களும் சொன்னீர்கள், நானும் சொன்னேன்.
தண்ணீர்கூடக் குடிக்காத உங்கள் நோன்பின் முன்
என் நோன்பு, மோர் குடித்த நோன்பு.
பெருமை பேச ஒன்றும் இல்லை.
ஆனால் சாயங்காலம் பாங்குச் சத்தம் கேட்டு
நீங்கள் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும் அந்த நொடி
மாடியில் டீச்சர் தட்டு கழுவுவதை நிறுத்துவார்,
நான் மிஷினில் இருந்து காலை எடுப்பேன்.
யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

பிறைக் கணக்கு பொல்லாத கணக்கு.
வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள்
முன்னால் நடந்து நடந்து
ஐப்பசி மழை, ஆடிக் காற்று, கோடை எல்லாம் சுற்றி,
33 வருஷம் கழித்து
மறுபடி மாசியில் ஏறக்குறைய அதே நாளுக்கு வருகிறது ரமலான்.
முன்பு இப்படி வந்தது 1993-ல்.
அன்றும் சாம்பல் புதன் அதே வாரம்,
அன்றும் சமயபுரத்தாள் பட்டினி,
எனக்கு வயசு ஒன்பது.

அன்று உங்கள் மாமியார் இருந்தார்.
நீங்கள் அத்தம்மா என்பீர்கள்,
சந்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் நன்னி.
அஸர் முடிந்தால் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள்.
வரிசையில் நிற்க எங்கள் வீட்டுத் தூக்கு ஓட்டை.
நன்னி தன் தூக்கைக் கையில் கொடுத்து
“ஓடுடி, தேக்சா காலியாகிடும்” என்றார்.

பச்சரிசி, பாசிப்பருப்பு,
பூண்டு, இஞ்சி, வெந்தயம்,
மேலே புதினா மிதக்கும் அந்தக் கஞ்சி.
தூக்கின் பிடி சுட்டது.
பாவாடை நுனியை மடித்துப் பிடித்துக்கொண்டு
பள்ளிவாசல் முக்கிலிருந்து வீடு வரை
ஒரு சொட்டும் சிந்தாமல் வந்தேன்.
வாசல்படியில் சிந்தினேன்.
“எறும்புக்கும் நோன்பு திறக்க வேணாமா?” என்று
சிரித்த நன்னிக்கு அன்று பல் நான்குதான்.

அப்புறம் அந்தத் தூக்கு?
அதைத்தான் சொல்ல வருகிறேன்.
திருப்பிக் கொடுக்கவில்லை.
வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது என்று அம்மா வைத்தாள்.
வைத்தாள், வைத்தாள், ஊறுகாய் வைத்தாள்,
புளி வைத்தாள், பொத்தான் டப்பா ஆக்கினேன் நான்.
நடுவில் நன்னி போனார்.
அம்மாவும் போனாள்.
போன வாரம் ஊசி தேடும்போது
பொத்தானை எல்லாம் தரையில் கொட்டினேன்.
அடியில் பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக
உளியால் வெட்டிய நன்னியின் பெயர்.
பெயரில் ஒரு கால் எழுத்து விட்டுப்போயிருக்கிறது.
கடைக்காரன் அவசரம். பாவம், அன்றும்
பெருநாள் கூட்டமாக இருந்திருக்கும்.

புளி போட்டுத் தேய்த்தேன்,
சாம்பல் போட்டுத் தேய்த்தேன்,
வெயிலில் கவிழ்த்தேன்.
அரிசி ஊறவைத்து, உரலில் இடித்து,
வெல்லம் தட்டி, ஏலம் தட்டி,
சாமிக்குப் படைக்காமல்
உங்களுக்கென்று தனியாக எடுத்துவைத்த
துள்ளு மாவு அதில் நிறைய.
சர்க்கரை இருப்பதால் பாய்க்கு ஒரு ஸ்பூன் போதும்.
பேரன்கள் கணக்கு உங்கள் பாடு.

பிரியாணி வாசம் இப்போதே
என் ஜன்னலில் வந்து உட்கார்ந்துவிட்டது.
தாழ்ச்சாவும் கொதிக்கிறது, தெரிகிறது.
இந்த வருஷம் அது நமக்கு இல்லை என்று
டீச்சரும் நானும் மொட்டைமாடியில்
ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டோம்.
ஈஸ்டருக்கு அப்புறம், பூச்சொரிதல் விரதம் முடிந்து,
ஒரு ஞாயிற்றுக்கிழமை
கடனாக எழுதி வையுங்கள்.
இரண்டு தட்டு, லெக் பீஸோடு.

சேமியா பாயசம் உண்டுதானே?
கறி படாத சட்டியில் எனக்கென்று
நீங்கள் தனியாகக் காய்ச்சுவதும்,
அந்தக் கரண்டியை ஆணியில் தனியாக மாட்டுவதும்
யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பீர்கள்.
உங்கள் சமையல்கட்டு ஜன்னல்
என் மிஷினுக்கு நேர் எதிரே, பாயம்மா.

தொழுகைக்கு முன்னே ஃபித்ரா கொடுத்த கை
தட்டாமல் நிறையட்டும்.
பாயின் முழங்கால் அடுத்த தராவீஹுக்கும்
மடங்கி நிமிரட்டும்.
பெரியவன் பத்தாம் வகுப்புப் பரீட்சையை
பயமில்லாமல் எழுதட்டும்.
சின்னவனுக்குச் சேர்ந்த பெருநாள் காசு
சாயங்காலம் வரையாவது பையில் தங்கட்டும்
(பை ஆழமாகத்தான் தைத்திருக்கிறேன்).
துபாயில் ஒற்றையாகப் பெருநாள் கொண்டாடும் உங்கள் மகனுக்கு
வீடியோ காலில் இந்தச் சந்து முழுக்கத் தெரியட்டும்.
மாவு மில் அண்ணன் ஓரத்தில் நிற்பார்,
அவரையும் இழுத்துவிடுங்கள்.

இன்னொரு சுற்று முடித்து இதே நாளுக்கு ரமலான் வரும்போது 2059.
எனக்கு எழுபத்தைந்து,
டீச்சர் வயசை அவர் சொல்ல மாட்டார்.
அன்று கஞ்சி வாங்க
எந்தப் பிள்ளையாவது தூக்கு இல்லாமல் வந்து நிற்கும்.
நன்னி தூக்கு அதுவரை ஓட்டை விழாது,
பழைய எவர்சில்வர், கனம் பார்த்தாலே தெரியும்.

உங்கள் வாசலில், செருப்புகளுக்கு இந்தப் பக்கம்
வைத்திருக்கிறேன்.
மூடி கொஞ்சம் இறுக்கம்,
திருகாமல் மேலே இழுக்கவும்.
மதியத்துக்குள் பேரன் கையில் கொடுத்தனுப்புங்கள்,
பாயசத்தோடு.
வெறும் தூக்காக மட்டும் வந்தால்
வாங்கமாட்டேன்.

ஈத் முபாரக், பாயம்மா!

— டெய்லர் வீட்டு அக்கா