வழிகாட்டல் சந்திப்புப் பதிவேடு: ஏப்ரல் 2024 முதல் ஏப்ரல் 2025 வரை

வழிகாட்டி: பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பணிபுரியும் மின்னணுப் பொறியாளர்.
மாணவி: பட்டர்வொர்த்தில் வசிப்பவர், இடைநிலைப்பள்ளி ஐந்தாம் படிவம், அறிவியல் பிரிவு.
சந்திப்பு நேரம்: இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை, சனிக்கிழமை காலை 10.00 முதல் 11.30 வரை.
இடம்: செபராங் ஜெயா பொது நூலகம். மாற்றம் இருப்பின் அந்தந்தப் பதிவில் குறிப்பிடப்பட்டுள்ளது.

திட்டமிட்ட சந்திப்புகள் 27. அவற்றுள் குறித்த நாளிலேயே நடந்தவை 9. வேறு நாளுக்கு மாற்றி நடத்தப்பட்டவை 12. தவறியவை, ஈடு செய்யப்படாதவை 3. இருவரும் முன்கூட்டியே பேசி விலக்கியவை 3. மாற்றப்பட்ட பன்னிரண்டில் எட்டுக்கு மாணவியின் தாயாருடைய ஷிப்ட் காரணம். இரண்டுக்கு நான் காரணம். ஒன்றுக்கு மாணவியின் பகுதிநேர வேலை. எஞ்சிய ஒன்று தேர்வு முடிவுக்காகத் தள்ளிவைக்கப்பட்டது. ஒருவர் கேட்டு நடந்த மாற்றங்களில் அதைக் கேட்டவர் யார், எத்தனை நாள் முன்னதாகச் சொன்னார் என்பதையும் எழுதியிருக்கிறேன். வழிகாட்டல் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் தந்த படிவத்தில் அதற்கு இடமில்லாததால் குறிப்புப் பகுதியில் சேர்த்துள்ளேன்.

1. 20.04.2024, சனி. நடந்தது.
அறிமுகம். மாணவி பத்துப் பாடங்கள் எடுக்கிறார். அவற்றுள் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் அடங்கும். கூடுதல் கணிதத்தில் அண்மைய வகுப்புச் சோதனையில் 28 புள்ளிகள். பொறியியல் படிக்க வேண்டும் என்கிறார். எந்தத் துறை என்பதில் தெளிவில்லை, இப்போதைக்கு அது தேவையுமில்லை.

2. 04.05.2024, சனி. நடந்தது; 40 நிமிடத் தாமதம்.
மாணவி ஆறு வயதுத் தம்பியையும் உடன் அழைத்து வந்தார். சிறுவன் சிறுவர் பகுதியில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாணவி எழுந்து சென்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். தாமதத்திற்குக் காரணம் கேட்டபோது "பஸ் லேட்டு அக்கா" என்றார். தம்பி ஏன் வந்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

3. 18.05.2024, சனி. நடந்தது.
வர்க்கச் சார்புகள். மாணவி x² − 6x + 2 என்பதை (x − 3)² + 2 என்று எழுதினார். அடைப்பை விரித்தால் வரும் 9-ஐக் கழிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தும், அந்த வரியை எழுதாமல் மனத்திலேயே தாண்டிச் செல்வதால் பிழை வருகிறது. சரியான விடை (x − 3)² − 7. இனி ஒவ்வொரு வரியையும் தாளில் எழுதுவது என்று முடிவாயிற்று. சுமையைக் குறைக்கத் தமிழ் இலக்கியத்தை விட்டுவிடலாம் என்று நான் ஆலோசனை கூறினேன். மாணவி பதில் சொல்லவில்லை.

4. 01.06.2024, சனி. தவறியது. மாணவி வரவில்லை, முன்னறிவிப்பு இல்லை.
மாலையில் "மன்னிச்சிருங்க அக்கா, மறந்துட்டேன்" என்று குறுஞ்செய்தி வந்தது. ஈடு செய்யப்படவில்லை.

5. 15.06.2024, சனி, 16.06.2024, ஞாயிறு மாலை 3.00 மணிக்கு மாற்றப்பட்டது. நடந்தது.
மாற்றக் கேட்டவர் வழிகாட்டி, மூன்று நாள் முன்னதாக. காரணம் தொழிற்சாலைப் பராமரிப்புப் பணி. ஞாயிறு காலையில் தமக்குத் தமிழ் இலக்கிய வகுப்பு இருப்பதாகவும், பள்ளி நேரத்தில் அப்பாடம் நடத்தப்படாததால் ஓர் ஆசிரியர் தன்னார்வமாக எடுக்கும் அந்த வகுப்புக்கு இரண்டு ஆண்டாக ஒரு நாளும் தவறாமல் போவதாகவும் மாணவி தெரிவித்தார். அதைக் கேட்டபின் மூன்றாம் சந்திப்பில் நான் கூறிய ஆலோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு பேசியிருக்க வேண்டிய செய்தி அது.

6. 29.06.2024, சனி. தவறியது. மாணவி காலை 8.10-க்குக் காய்ச்சல் என்று தெரிவித்தார். ஈடு செய்யப்படவில்லை.

7. 13.07.2024, சனி. நடந்தது.
வகையீடு, அறிமுக நிலை. வரி வரியாக எழுதும் பழக்கம் வந்திருக்கிறது. வரலாற்றுப் பாடத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம் என்பதால், பிடித்த பாடத்திலேயே எல்லா நேரத்தையும் செலவிடுவது ஆபத்து என்று எடுத்துச் சொன்னேன்.

8. 27.07.2024, சனி. தவறியது. மாணவி அரை மணி நேரம் முன்னதாகத் தெரிவித்தார்; காரணம் "வீட்டில் வேலை". ஈடு செய்யப்படவில்லை.
மூன்று முறை தவறினால் ஒருங்கிணைப்பாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. அதற்கான கடிதத்தை எழுதத் தொடங்கினேன். நாள்களை வரிசையாக எழுதியபோது ஜூன் 1, ஜூன் 29, ஜூலை 27 ஆகிய மூன்றுக்கும் இடையே சரியாக நான்கு வாரங்கள் இருப்பதைக் கண்டேன். பின்னோக்கி நான்கு வாரம் எண்ணினால் மே 4, தம்பியுடன் தாமதமாக வந்த நாள். அக்கறையில்லாமையோ மறதியோ நாள்காட்டி பார்த்து வருவதில்லை. கடிதத்தை அனுப்பாமல், மாணவியிடம் முதலில் பேசுவதாக ஒருங்கிணைப்பாளருக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன்.

9. 10.08.2024, சனி. நடந்தது. பாடம் எதுவும் பார்க்கவில்லை.
பதிவேட்டை மாணவியின் முன் திறந்துவைத்து, நான்கு நாள்களையும் காட்டி, "இந்தச் சனிக்கிழமைகளில் வீட்டில் என்னம்மா நடக்கிறது?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாவுக்கு நாலு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பகல் ஷிப்ட் வரும் அக்கா. காலைல ஏழு மணிக்குப் போனா ராத்திரி ஏழு மணிக்குத்தான் வருவாங்க. பாட்டியையும் தம்பியையும் விட்டுட்டு வர முடியாது" என்றார். அவருடைய தாயார் பிறை தொழிற்பேட்டையில் உற்பத்திப் பிரிவில் வேலை செய்கிறார். பாட்டிக்கு நீரிழிவு, மதிய ஊசியை மாணவியே போடுகிறார். தந்தை உடன் இல்லை. இவற்றைச் சொன்னால் "தகுதியில்லை" என்று திட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பயந்ததாகக் கூறினார்.
நானே ஷிப்ட் அட்டவணைகளோடு அன்றாடம் பழகுபவள்; அந்த நான்கு வாரச் சுழற்சி என் கண்ணில் முன்னரே பட்டிருக்க வேண்டும்.
முடிவுகள்: பகல் ஷிப்ட் வரும் சனிக்கிழமைச் சந்திப்புகள் மறுநாள் ஞாயிறு மாலை 3.00 மணிக்கு நடைபெறும். தாயாரின் ஷிப்ட் அட்டவணை மாணவியின் நோட்டிலும் என் கைப்பேசியிலும் இருக்கும். தவறிய மூன்றுக்கும் காரணம் "குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு" என்று திருத்தப்பட்டது. மாணவி முதலில் சொன்ன காரணங்கள் அழிக்கப்படாமல் மேலே அப்படியே உள்ளன. அன்று மாலையே தாயாரிடம் தொலைபேசியில் பேசினேன். மகள் சந்திப்புகளைத் தவறவிட்டது அவருக்குத் தெரியவே தெரியாது.

10. 24.08.2024, சனி; 25.08.2024, ஞாயிறுக்கு மாற்றப்பட்டது (தாயாரின் ஷிப்ட்). நடந்தது. வகையீடு, தொகையீடு.

11. 07.09.2024, சனி. வழிகாட்டி வரவில்லை. 10.09.2024, செவ்வாய் இரவு 8.30 மணிக்குக் காணொலி வழி நடந்தது.
தொழிற்சாலையில் ஓர் உற்பத்தி வரிசை திடீரென நின்றுவிட்டது. கைப்பேசியைக் கொண்டுசெல்ல முடியாத பகுதிக்குள் இருந்ததால் 10.45 வரை செய்தி அனுப்ப முடியவில்லை. மாணவி நூலகத்தில் 45 நிமிடம் காத்திருந்தார். மாணவிக்கு எழுதிய அதே கண்டிப்புடன் இதையும் எழுதுகிறேன்: முன்னறிவிப்பு இல்லை, தவறு என்னுடையது. இனி அப்பகுதிக்குள் நுழையும் முன் மாணவிக்கு ஒரு செய்தி அனுப்புவதென்று முடிவு செய்தேன். அதற்குப்பின் ஒரு முறையும் தவறவில்லை.

12. 21.09.2024, சனி, 22.09.2024, ஞாயிறுக்கு மாற்றப்பட்டது (ஷிப்ட்). நடந்தது. இயற்பியல்: மின்சுற்றுகள். என் மேசையில் பழுதாகிக் கிடந்த ஒரு சுற்றுப்பலகையைக் கொண்டுசென்றேன். தடையிகளின் நிற வளையங்களை மாணவி தாமே படித்து மதிப்பைச் சொன்னார். அன்று 11 கணக்குகள் போட்டார். அவர் கேட்டுக்கொண்டதால் அரை மணி நேரம் கூடுதலாக இருந்தோம்.

13. 05.10.2024, சனி. நடந்தது. பள்ளியின் முன்னோட்டத் தேர்வில் கூடுதல் கணிதம் E. தேர்ச்சிதான், ஆயினும் மாணவி அழுதார். விடைத்தாளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம்: தெரியாமல் விட்ட கேள்விகளைவிட நேரம் போதாமல் விட்டவையே அதிகம்.

14. 19.10.2024, சனி, 20.10.2024, ஞாயிறுக்கு மாற்றப்பட்டது (ஷிப்ட்). நடந்தது. கடிகாரம் வைத்துப் பயிற்சி.

15. 02.11.2024, சனி. இருவரும் பேசி விலக்கப்பட்டது. அக்டோபர் 31 தீபாவளி. மாணவியின் குடும்பம் வார இறுதி வரை தைப்பிங்கில் உறவினர் வீட்டில் இருந்தது.

16. 16.11.2024, சனி, 17.11.2024, ஞாயிறுக்கு மாற்றப்பட்டது (ஷிப்ட்). நடந்தது.
17. 30.11.2024, சனி. நடந்தது.
18. 14.12.2024, சனி, 15.12.2024, ஞாயிறுக்கு மாற்றப்பட்டது (ஷிப்ட்). கனமழை காரணமாகக் காணொலி வழி நடந்தது.
19. 28.12.2024, சனி. நடந்தது. தேர்வுக்கு முந்தைய கடைசிச் சந்திப்பு. இந்நான்கிலும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களே; தனித்தனியாக எழுத ஒன்றுமில்லை. மலாய்மொழிக் கட்டுரைகளைப் பள்ளி ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார்.

20, 21. 11.01.2025, 25.01.2025. எஸ்.பி.எம். தேர்வுக்காலம் என்பதால் முன்கூட்டியே விலக்கப்பட்டவை.

22. 08.02.2025, சனி, 09.02.2025, ஞாயிறுக்கு மாற்றப்பட்டது (ஷிப்ட்). நடந்தது.
தேர்வு முடிந்துவிட்டது. பிப்ரவரி 11 தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் பால்குடம் எடுப்பதற்காக மாணவி விரதத்தில் இருந்தார். விடைகளைச் சரிபார்க்க வேண்டாம் என்று இருவரும் உறுதிசெய்துகொண்டோம்.

23. 22.02.2025, சனி. நடந்தது. மூன்று வழிகளை ஒப்பிட்டோம்: மெட்ரிகுலேசன், ஆறாம் படிவம், பாலிடெக்னிக். மெட்ரிகுலேசனுக்குத் தனி விண்ணப்பம், பாலிடெக்னிக்குக்கு UPUOnline என்பது மாணவிக்குப் புதிய செய்தி.

24. 08.03.2025, சனி, 09.03.2025, ஞாயிறுக்கு மாற்றப்பட்டது (ஷிப்ட்). நடந்தது. தாயாரும் வந்தார்.
வெளியூரில் இடம் கிடைத்தால் பாட்டிக்கு ஊசி போடுவது யார் என்ற கேள்வியை அவரே எழுப்பினார். பெரியம்மா மகன் வீட்டில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். மாணவியின் மேற்படிப்புத் தெரிவை இந்தப் பொறுப்பு தீர்மானித்துவிடக் கூடாது என்பதில் மூவரும் ஒத்துப்போனோம்.

25. 22.03.2025, சனி, 27.03.2025, வியாழன் மாலைக்கு மாற்றப்பட்டது. நடந்தது. மாற்றக் கேட்டவர் மாணவி, இரண்டு நாள் முன்னதாக. துணிக்கடையில் பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறது. உண்மையான காரணத்தைத் தாமாகவே சொல்லி, மாற்று நாளையும் அவரே முன்மொழிந்தார்.

26. 05.04.2025, சனி, 06.04.2025, ஞாயிறுக்கு மாற்றப்பட்டது (ஷிப்ட்). நடந்தது. நேர்காணல் பயிற்சி.

27. 19.04.2025, சனி, 26.04.2025, சனிக்கு மாற்றப்பட்டது. நடந்தது. முடிவுகள் 24-ஆம் தேதி வெளிவருவதால் இருவரும் சேர்ந்து மாற்றினோம்.
கூடுதல் கணிதம் C, இயற்பியல் B, வரலாறு B+, தமிழ்மொழி A, தமிழ் இலக்கியம் A. மலாய்மொழியில் தேர்ச்சி. முதல் விருப்பம் கெப்பாலா பத்தாசில் உள்ள மெட்ரிகுலேசன் கல்லூரி. இரண்டாவது பெர்மாத்தாங் பாவ்வில் உள்ள பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா. இரண்டும் வீட்டிலிருந்து எளிதில் வந்துபோகும் தொலைவில் உள்ளன. அது மாணவியின் சொந்த முடிவு, அதற்கான காரணத்தையும் அவரே எழுதித் தந்துள்ளார். அத்தாள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.
மாணவி பதிவேடு முழுவதையும் வாசித்தார். 4, 6, 8 ஆகிய பதிவுகளின் எதிரே தம் கையெழுத்தை இட்டார். 11-ஆம் பதிவின் எதிரே என்னையும் கையெழுத்திடச் சொன்னார், இட்டேன்.
விண்ணப்ப முடிவு வரும் வரை திட்டத்துக்கு வெளியே தொலைபேசியில் தொடர்பில் இருப்போம். தாயாரின் அடுத்த பகல் ஷிப்ட் மே 3, அன்று அழைப்பதில்லை.