சுமதிக்கு ஒரு தீபாவளிக் கடிதம்

12 அக்டோபர் 2025

அன்புள்ள சுமதி,

உறையின் மேல் உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். வருஷா வருஷம் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து எழுதி, கீழே குட்டியின் பெயரைப் பொடி எழுத்தில் எழுதுவேன். இந்தத் தடவை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் காலேஜ் நோட்டில் நீ எழுதுவாயே, அதே மாதிரி அப்பாவின் இனிஷியலோடு உன் பெயரை எழுதினேன். அந்தப் பெயரைத்தான் எனக்கு முதலில் தெரியும். கை தானாக எழுதிவிட்டது.

போனில் வாழ்த்துப் படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. எதைத் திறந்தாலும் ‘உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும்’ என்றுதான் இருக்கிறது. அதில் ஒன்றை உனக்குத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் பேசாமலே இருந்துவிடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களோடு நானும் சேர்ந்துகொள்ள விரும்பவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆகஸ்டில் நீ அனுப்பிய செய்தி மூன்றே வரி. “சேர்ந்தே மனு போட்டாச்சு. ஆறு மாசம் காத்திருக்கணுமாம். இப்போதைக்கு எதுவும் கேக்காதே.” மூன்றாவது வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது எனக்கு. நீயாக எடுக்கும்வரை அது மாறாது. இந்தக் கடிதத்தில் எந்த இடத்திலும் கேள்வி இருக்காது, பயப்படாமல் படிக்கலாம். ஏன், எப்போதிலிருந்து, யார் முதலில் சொன்னது, அடுத்து என்ன, எதுவுமே எனக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரியாமலேயே உன் பக்கத்தில் உட்கார என்னால் முடியும்.

உன் கல்யாணத்தில் நான் இருந்தேன். அவரையும் எனக்குப் பல வருஷமாகத் தெரியும். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஓர் அபிப்பிராயம் சொல்ல இடம் இருக்கிறது என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேருக்கு நடுவில் நடந்தது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. ஒருநாள் நீ அவரைத் திட்டினால் கேட்டுக்கொள்வேன். மறுநாளே அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது ஞாபகம் வந்து சொன்னாயானால் அதையும் கேட்டுக்கொள்வேன். ‘நேத்து வேற மாதிரி சொன்னியே’ என்று கேட்க மாட்டேன். சேர்ந்து வாழ்ந்த வருஷங்கள் முழுக்கப் பொய்யாகிவிட வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. அதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதெல்லாம் உன் கணக்கு.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் அவர்களுக்குப் பண்டிகை இல்லை என்று எல்லோருக்கும் சொல்லாமலே தெரியும். வாழ்த்து அனுப்ப மாட்டார்கள். ஏன் புதுசு எடுக்கவில்லை என்று கேட்க மாட்டார்கள். வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்கள், அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. உனக்கு நடந்திருப்பதற்கு அப்படி ஒரு முறையை யாரும் ஏற்படுத்தி வைக்கவில்லை. வெளியில் எல்லாம் வழக்கம்போல் நடக்கும். நீயும் வழக்கம்போல் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. என்னிடத்திலாவது உனக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இந்தத் தீபாவளி உனக்கு இல்லை என்றால் இல்லைதான். ‘சின்னதாகவாவது பண்ணேன்’ என்று நான் சொல்ல மாட்டேன். இல்லை, வீடு முழுக்க விளக்கு வைத்து ஜமாய்க்கத்தான் போகிறாய் என்றாலும் எனக்கு ஆச்சரியம் இருக்காது. காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் வேறு மாதிரியும் இருந்தாலும் சரிதான்.

ஒரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நம் காலேஜ் குரூப்பில் எல்லோரும் குடும்பப் படம் போட ஆரம்பித்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை ஒருத்தி “சுமதி ஏன் இந்தப் பக்கமே வரதில்ல?” என்று கேட்டாள். “வேலை அதிகம்போல” என்று போட்டுவிட்டு வேறு பேச்சுக்குத் திருப்பிவிட்டேன். அவ்வளவுதான் நான் சொன்னது. வேறு யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. உன்னை யாராவது நேரில் கேட்டால் என் பதில் என்ன என்று தெரியாமல் நீ திண்டாடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது நீ முடிவு செய்ய வேண்டியது. சொல்லவே வேண்டாம் என்றாலும் அதுவும் ஒரு முடிவுதான். அம்மாவுக்கும் தெரியாது. உன்னைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் “மாப்பிள்ளை சௌக்கியமா?” என்று சேர்த்தே விசாரிக்கிறாள். “சௌக்கியம்மா” என்கிறேன். அதில் பொய் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன், இரண்டு பேருக்கும்.

முரளியிடம் மட்டும் சொல்ல வேண்டியிருந்தது, நீயும் சொல்லலாம் என்று சொல்லியிருந்தாய். அவர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “சுமதி வந்தா மாடி ரூமைக் கொடுத்துடலாம், அங்க சத்தம் இருக்காது” என்றார். அதோடு சரி. மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

குட்டி இந்தத் தீபாவளிக்கு அப்பாவிடம் இருப்பாள் என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு என்ன பதில் போடுவது என்று தெரியாமல் வெறும் “சரிடி” என்று போட்டேன். இப்போதும் அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பழகிவிடும் என்று சொல்ல மாட்டேன். அவள் சந்தோஷமாக இருப்பாள், அதை நினைத்துக்கொள் என்றும் சொல்ல மாட்டேன். அவளுக்குத் தலை பின்னிவிட ஆள் இல்லாமல் சீப்பு ஸ்டாண்டிலேயே கிடக்கிற ஒரு காலை எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். அதில் பாதியைக்கூட என்னால் நினைத்துப் பார்க்க முடிந்திருக்காது என்பதும் எனக்குத் தெரிகிறது. வலிக்கும். வலிக்கிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தால் நான் இருக்கிறேன். சொல்லவே வேண்டாம் என்று இருந்தாலும் நான் இருக்கிறேன்.

20ஆம் தேதி திங்கட்கிழமை நாங்கள் எங்கேயும் போகவில்லை. முதல் நாள் ஞாயிறும் வீட்டில்தான். நீ வரலாம். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கிளம்பும்போது நினைத்தாலும் போதும், பாதி வழியில் திரும்பிப் போக வேண்டும்போல் இருந்தால் திரும்பியும் போகலாம். வந்தால் மாடி ரூம் உன்னுடையது. கீழே இறங்கி வந்து எங்களோடு இருக்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கத் தூங்கலாம். யாரும் வந்து தட்ட மாட்டோம். அன்றைக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது உன்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தால் பேச்சை மாற்றுவது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி என்று உனக்கே தெரியும். வரவில்லை என்றால் அதில் வருத்தம் துளிகூட இல்லை. உன் வீட்டில், உன் படுக்கையில், திரையை இழுத்துவிட்டு இருப்பதுதான் உனக்கு அன்றைக்கு வேண்டியது என்றால் அது எனக்குப் புரியும்.

போன் பக்கத்திலேயே இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு வெடிச் சத்தத்தில் முழிப்பு வந்துவிட்டதா, கூப்பிடு. எடுத்து “சொல்லு” என்பேன். சொல்ல ஒன்றும் இல்லை என்றால் நான் ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். ஆபீஸ் கதை, பக்கத்து வீட்டுக் கதை, பையனுக்குக் கணக்கு வரவில்லை என்கிற கதை எல்லாம் கைவசம் இருக்கிறது. நீ “ம்” கொட்டினால் போதும். அழுதாலும் சரி, என்ன ஆச்சு என்று கேட்க மாட்டேன். போனை வைக்கவும் மாட்டேன்.

நானாக அன்றைக்குக் கூப்பிட மாட்டேன். போன் அடித்தாலே எடுத்துச் சிரித்துப் பேச வேண்டும் என்று தோன்றும், அந்தப் பாரத்தை உன்மேல் ஏற்ற எனக்கு இஷ்டமில்லை. இந்தக் கடிதத்துக்கும் பதில் வேண்டாம். படித்தேன் என்று சொல்லக்கூட வேண்டாம். நீ பேசாமல் இருப்பதை வைத்து நான் ஒன்றும் கற்பனை பண்ணிக்கொள்ள மாட்டேன்.

வாழ்த்து என்று ஒன்று சொல்ல வேண்டுமே. ரொம்ப யோசித்தேன். எல்லாம் நன்மைக்கே, இருள் விலகும், ஒளி பிறக்கும் என்பதெல்லாம் உன் முன்னால் வைக்க எனக்கு வாய் கூசுகிறது. அதனால் எனக்கு நிஜமாகவே உனக்குக் கிடைக்க வேண்டும் என்று தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு உன் வாசல் கதவைத் தட்டி யாரும் எதையும் விசாரிக்காமல் இருக்க வேண்டும். குட்டி சாயங்காலம் போன் பண்ணி, மூச்சு விடாமல் கதை சொல்ல வேண்டும். ஏதோ ஒரு நேரத்தில் உனக்குப் பசிக்க வேண்டும். ராத்திரி வெடிச் சத்தம் சீக்கிரம் ஓய்ந்து, உனக்கு இடைமுழிப்பு இல்லாத ஒரு தூக்கம் வர வேண்டும். என் தீபாவளி வாழ்த்து இவ்வளவுதான், சுமதி. ஒவ்வொன்றையும் மனசார வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நவம்பரில் உனக்கு ஒரு கோர்ட் தேதி இருக்கிறது என்று தெரியும். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்குக் கூட வர ஆள் வேண்டும் என்றால், கேட்டவுடன் லீவ் போட்டுவிடுவேன். தனியாகத்தான் போகப் போகிறாய் என்றால் அதுவும் சரி.

குட்டிக்கு ஒரே கதைப்புத்தகத்தில் இரண்டு பிரதி அனுப்பியிருக்கிறேன். ஒன்று உன்னிடம் இருக்கட்டும், இன்னொன்று அங்கே இருக்கட்டும். எந்த வீட்டில் இருந்தாலும் விட்ட பக்கத்திலிருந்து அவள் படிக்கலாம். எதை எங்கே வைப்பது என்று அவளுக்கே தெரியும், கெட்டிக்காரப் பெண். உனக்கும் அதிலேயே ஒன்று வைத்திருக்கிறேன், பண்டிகைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீ ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த அந்தப் பச்சை மை பேனா, இங்கே ஒரு கடையில் கண்ணில் பட்டது. பார்சல் வியாழக்கிழமைக்குள் வந்துவிடும். கையெழுத்து வாங்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன், நீ கதவைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை.

உன்
கலா