அம்மாவின் கேபிபி பரீட்சைக்கு முன்

ஜெலுத்தோங், பினாங்கு. இரவுச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்தாயிற்று. அப்பா பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். கவின் படிவம் மூன்று மாணவன். அவன் வயிற்றில் இருந்தபோது பாதியில் விட்ட டிரைவிங் வகுப்பில் அம்மா இப்போது மறுபடியும் சேர்ந்திருக்கிறார். லைசென்ஸுக்கு முதலில் எழுத வேண்டிய கேபிபி கணினிப் பரீட்சை வெள்ளிக்கிழமை.

கவின்: சரிமா, புத்தகத்தை மூடுங்கள். நான் பழைய நோட்டில் போர்டுகளை வரைந்து வைத்திருக்கிறேன். எழுத்து எதுவும் போடவில்லை, வடிவமும் நிறமும் மட்டும்தான்.

அம்மா: எழுத்து இல்லாமல் எப்படிடா? பரீட்சையில் எழுத்தோடுதானே வரும்?

கவின்: மழை கொட்டும்போது ரோட்டில் எழுத்து எங்கே தெரியும்? வடிவம்தான் முதலில் தெரியும். பாருங்கள், இது என்ன?

அம்மா: எட்டு மூலை, சிவப்பு. பெர்ஹெந்தி.

கவின்: பார்த்ததும் என்ன செய்வீர்கள்?

அம்மா: நிற்பேன்.

கவின்: எங்கே?

அம்மா: கோட்டுக்கு முன்னால். சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். மெதுவாக உருட்டிக்கொண்டே போனால் அது நின்றதாக ஆகாது. வலது பார்த்து, இடது பார்த்து, மறுபடியும் வலது பார்த்து, அப்புறம்தான் எடுப்பேன்.

கவின்: சூப்பர். எட்டு மூலை ஏன் தெரியுமா? வேறு எந்த போர்டுக்கும் அந்த வடிவம் கிடையாது. பின்பக்கமிருந்து பார்த்தால்கூட எதிரில் வருகிறவன் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அடுத்தது. தலைகீழ் முக்கோணம், வெள்ளை, சிவப்புக் கரை.

அம்மா: பெரி லாலுவான். வழி விட வேண்டும்.

கவின்: நிற்க வேண்டுமா?

அம்மா: ஆமாம், நிற்க… இரு. கட்டாயம் இல்லை. வேகத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். யாரும் வரவில்லை என்றால் போகலாம். வந்தால் அவர்கள் போகிற வரைக்கும் நிற்க வேண்டும்.

கவின்: ரவுண்டபோட்டில் யாருக்கு வழி விட வேண்டும்?

அம்மா: வலது பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு. பஸ்ஸில் உட்கார்ந்து இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேனே. டிரைவர் தலை எப்போதும் வலது பக்கமே திரும்பியிருக்கும்.

கவின்: சரி, இப்போது நிறம். மஞ்சள், சதுரத்தைச் சாய்த்து வைத்த மாதிரி, கறுப்புக் கரை.

அம்மா: அது எச்சரிக்கை. முன்னால் ஏதோ இருக்கிறது, கவனமாக இரு என்று சொல்கிறது. வளைவு, நாற்சந்தி, வழுக்கும் ரோடு, பள்ளிப் பிள்ளைகள்.

கவின்: சிவப்பு வளையம்?

அம்மா: செய்யாதே. இல்லையென்றால் இதற்கு மேல் போகாதே. உள்ளே 60 என்று இருந்தால் 60தான் உச்சம்.

கவின்: நீல வட்டத்துக்குள் வெள்ளை அம்பு, இடது பக்கம் கீழே காட்டுகிறது.

அம்மா: இக்குட் கிரி. இடது பக்கமாகவே போக வேண்டும். இது கட்டளை. மஞ்சள் சொன்னால் கவனம், சிவப்பு சொன்னால் கூடாது, நீல வட்டம் சொன்னால் இப்படித்தான் செய்ய வேண்டும். சரியா?

கவின்: சரி. ஆனால் நீலத்தில் ஒன்று குழம்பும். வழிகாட்டும் பெரிய போர்டும் நீலமாக வரும். அது வட்டமா?

அம்மா: இல்லை, நீள்சதுரம். சாதாரண ரோட்டில் ஊர்ப் பெயரைப் போட்டு வருவது. நெடுஞ்சாலையில் அதுவே பச்சை.

கவின்: நெடுஞ்சாலை வேகம்?

அம்மா: பொதுவாக 110. போர்டு வேறு சொன்னால் போர்டு சொன்னதுதான். பினாங்குப் பாலத்தில் 80. நெடுஞ்சாலை இல்லாத பெரிய ரோட்டில் 90, அதுவும் பெருநாள் காலத்தில் 80 ஆக்குவார்கள்.

கவின்: பள்ளி முன்னால்?

அம்மா: 30. பிள்ளைகள் வருகிற, போகிற நேரத்தில். இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம் கண்ணு. நீ முதல் வகுப்புப் போனதிலிருந்து அந்தப் பள்ளி வாசலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். மழையில் ஒரு காடி நம்மை நனைத்துவிட்டுப் போனது உனக்கு ஞாபகம் இருக்காது.

கவின்: நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் புதுப் பை நனைந்தது. சரி, இதைப் பாருங்கள். மஞ்சள் போர்டு, ஒரு ஆள் கோடுகள் மேல் நடக்கிறார்.

அம்மா: லிந்தாசான். ஆட்கள் கடக்கும் இடம். கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து பிரேக் மேல் வந்துவிட வேண்டும். யாராவது கோட்டில் கால் வைத்திருந்தால் நிற்க வேண்டும்.

கவின்: பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால்?

அம்மா: அடிக்கட்டும். நான் அந்தப் பக்கம் நின்று காத்திருந்தவள். பாட்டியைத் தள்ளுநாற்காலியில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடக்கும்போது, தூரத்தில் ஒரு காடி மெதுவாவதைப் பார்த்தாலே வயிற்றில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நான் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்.

கவின்: இது பரீட்சையில் வராதுமா.

அம்மா: வராவிட்டால் என்ன? உண்மை அதுதானே. நீயும் அடுத்த வருஷம் மோட்டார் லைசென்ஸ் எடுக்கிறேன் என்று நிற்கிறாயே, இதைத் தெரிந்துகொண்டு எடு.

கவின்: சரி சரி. அடுத்தது. சிவப்பு வட்டம் முழுக்க நிறைத்து, நடுவில் வெள்ளைப் பட்டை.

அம்மா: உள்ளே நுழையக் கூடாது. எதிரில் காடி வரும் ஒருவழி ரோடு. ஜார்ஜ் டவுனில் இது முக்கியம்டா. லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்ப் பழகியவர்களுக்கு எந்த ரோடு எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது. நடக்கிறவளுக்கு எல்லா ரோடும் இருவழிதான்.

கவின்: அப்படி ஒரு ரோட்டில் கூகுள் மேப் நுழையச் சொன்னால்?

அம்மா: போர்டுதான் பெரியது. மேப் தவறாகச் சொல்லலாம், போர்டு சொன்னதைத்தான் போலீஸ் பார்க்கும்.

கவின்: லாரி ஒரு காடியைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி படம்.

அம்மா: ஸோன் துண்டா. அங்கே நிறுத்தினால் இழுத்துப் போய்விடுவார்கள். சமன் தனி, மீட்டு வருகிற காசு தனி. அதற்குப் பயந்து நம் மளிகைக்கடை முன்னால் யாரும் நிறுத்துவதில்லை.

கவின்: இனி ரோட்டில் வரைந்திருப்பது. நடுவில் இரண்டு வெள்ளைக் கோடு, இரண்டுமே விடாத கோடு.

அம்மா: முந்தக் கூடாது. தாண்டவே கூடாது.

கவின்: ஒன்று விடாத கோடு, ஒன்று விட்டு விட்டு வரும் கோடு. இப்போது?

அம்மா: இதுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் மாறிப் போகிறது. விட்டு விட்டு வருவது இருந்தால் முந்தலாம்…

கவின்: யார் முந்தலாம்?

அம்மா: நான்தானே ஓட்டுகிறேன்?

கவின்: எதிரில் வருகிறவரும் ஓட்டுகிறாரே. அம்மா, இந்த ஸ்கேலை நடுவில் வைக்கிறேன். இந்தப் பக்கம் நீங்கள், இந்த உப்பு டப்பாதான் உங்கள் காடி. உங்கள் பக்கத்துக் கோடு எப்படி இருக்கிறது?

அம்மா: விடாத கோடு.

கவின்: அப்போது உங்களுக்கு?

அம்மா: கூடாது. எதிரில் வருகிறவருக்குப் பக்கத்தில் விட்டு விட்டு இருப்பதால் அவருக்கு மட்டும் முந்தலாம். ஆக, எனக்குப் பக்கத்தில் இருக்கிற கோட்டைத்தான் நான் பார்க்க வேண்டும்.

கவின்: அவ்வளவுதான். டப்பாவைத் திருப்பி வைத்து நீங்களே இன்னொரு முறை சொல்லுங்கள்.

அம்மா: இப்போது என் பக்கம் விட்டு விட்டு. முந்தலாம், ஆனால் எதிரில் யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான்.

கவின்: சந்திப்பில் மஞ்சள் பெட்டி, குறுக்குக் கோடுகளோடு?

அம்மா: அந்தப் பக்கம் வெளியே போக இடம் இருந்தால் மட்டும் நுழைய வேண்டும். பச்சை விளக்கு எரிந்தாலும் சரி, முன்னால் காடி அடைத்திருந்தால் வெளியிலேயே நிற்க வேண்டும்.

கவின்: ஆரஞ்சு நிறப் போர்டு?

அம்மா: ரோடு வேலை. சும்மா வந்து போகிற போர்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். லெஞ்சோங்கான் என்று அம்பு போட்டு வேறு பக்கம் திருப்புவார்களே. தைப்பூசத்துக்கு ஜாலான் கெபுன் பூங்ஙா பக்கம் ரோட்டை மூடும்போதும் அப்படித்தான் நம்மைத் திருப்பிவிடுவார்கள்.

கவின்: மஞ்சள் போர்டில் யானை?

அம்மா: அது பினாங்கில் எங்கே இருக்கிறது! மாமா காடியில் கோத்தா பாரு போனோமே, கெரிக் தாண்டி காட்டு ரோட்டில் பார்த்தோம். மெதுவாகப் போக வேண்டும். யானை நின்றால் தூரத்திலேயே நிற்க வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது.

கவின்: இப்போது கணக்கு. மொத்தம் 50 கேள்வி, எத்தனை சரியாக இருந்தால் பாஸ்?

அம்மா: 42. எட்டு வரைக்கும் தவறலாம் என்று வகுப்பில் சொன்னார்கள்.

கவின்: அப்போது கவலையே வேண்டாம். உங்களுக்கு அந்தக் கோடு ஒன்றுதானே குழப்பம்.

அம்மா: பாட்டி பின்னால் உட்கார்ந்திருக்கும்போது எந்த எட்டைத் தெரியாமல் விடுவது, சொல்லு? வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் கிராப் கிடைக்காமல் அவர் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் நான் மறுபடியும் போய்ச் சேர்ந்தேன். எனக்கு ஐம்பதும் வேண்டும்.

கவின்: கலர் டெஸ்டும் இருக்கும். புள்ளிகளுக்குள் எண் கண்டுபிடிக்க வேண்டும்.

அம்மா: அது பரவாயில்லை. புடவைக்கடையில் அரக்கும் மெரூனும் பிரித்துப் பார்க்கிற கண்.

கவின்: சரி, கடைசியாக ஒன்று. டிராபிக் லைட் மஞ்சள். பச்சையிலிருந்து இப்போதுதான் மாறியது.

அம்மா: நிற்க வேண்டும். ஆனால் கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டு, சட்டென்று நிறுத்தினால் பின்னால் வருகிறவர் இடிப்பார் என்றால் போய்விடலாம். வேகத்தைக் கூட்டிக்கொண்டு ஓடுவதற்கு மஞ்சள் இல்லை.

கவின்: சரிதான். அந்த இரட்டைக் கோட்டை மட்டும் நாளைக்கு மறுபடியும் கேட்பேன்.

அம்மா: நாளை நீ டியூஷனுக்குப் போகும்போது நானும் கொம்தார் வரைக்கும் பஸ்ஸில் வருகிறேன். முன்னால் உட்காருவோம். போகிற வழியில் வருகிற ஒவ்வொரு போர்டுக்கும் நான் பதில் சொல்கிறேன், கோடு வந்தால் கோட்டுக்கும்.

கவின்: போர்டைத் தாண்டுவதற்குள் சொல்ல வேண்டும். தாண்டிவிட்டுச் சொன்னால் கணக்கில் வராது.

அம்மா: சரி. ஆனால் சத்தமாகக் கேட்காதே, டிரைவருக்குத் தொந்தரவாக இருக்கும்.