பொருள்: துணை ஆசிரியர் பணிக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் (பதில்: 15 ஜூலை 2025, மாலை 5 மணிக்குள்)

8 ஜூலை 2025

அன்புள்ள யாழினி,

வணக்கம். தமிழ்ப்பள்ளிப் பயிற்சி நூல்களுக்கான துணை ஆசிரியர் பணிக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். நேர்காணலில் உங்களோடு பேசிய மூவருமே உங்கள் பெயரைத்தான் சொன்னோம். இந்தச் செய்தியை எழுதுவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

முக்கியமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கங்கள் கீழே இருக்கின்றன.

பணி: துணை ஆசிரியர், மூன்றாம் நான்காம் ஆண்டுக் கணிதம், அறிவியல் நூல்கள்
சம்பளம்: மாதம் 3,800 ரிங்கிட், பணி உறுதியானதும் 4,000 ரிங்கிட்
பயணப்படி: மாதம் 150 ரிங்கிட்
வேலையில் சேரும் நாள்: 18 ஆகஸ்ட் 2025, திங்கட்கிழமை
இடம்: பிரிக்பீல்ட்ஸ் அலுவலகம், கோலாலம்பூர்
பதில் தர வேண்டிய நாள்: 15 ஜூலை 2025, செவ்வாய்க்கிழமை, மாலை 5 மணிக்குள்

உங்களை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். திருத்தச் சொல்லிக் கொடுத்த நான்கு பக்கங்களில், காலை 6.50க்குப் பேருந்து ஏறிய மாணவன் 7.25க்குப் பள்ளி சேர்கிறான் என்ற கணக்குக்கு, விடைப்பகுதியில் 45 நிமிடம் என்று நாங்கள் வேண்டுமென்றே போட்டிருந்தோம். அதை 35 என்று திருத்தியவர்கள் வேறு சிலரும் உண்டு. நீங்கள் அதோடு நிற்கவில்லை. மணி நேரத்தைத் தாண்டிப் போகும் கழித்தலில் மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று ஓரத்தில் எழுதி, அதற்கு முன்னால் 6.50 முதல் 7.00 வரை எத்தனை நிமிடம் என்று கேட்கும் ஒரு சிறு கேள்வியைச் சேர்க்கச் சொல்லியிருந்தீர்கள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் மாணவனை நினைத்து வேலை செய்பவர்தான் எங்களுக்குத் தேவை. கிள்ளானில் நீங்கள் பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவம் அந்த ஒரு குறிப்பிலேயே தெரிந்தது.

இனி வேலையைப் பற்றி. ஆசிரியர்கள் எழுதித் தரும் கையெழுத்துப் படியைப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, கேள்விகளை எளிமையிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்துவது, ஒவ்வொரு விடையையும் நீங்களே போட்டுச் சரிபார்ப்பது, ஓவியரிடமும் பக்க வடிவமைப்பாளரிடமும் பேசி முடிப்பது, அச்சுக்குப் போகும் முன் கடைசி மெய்ப்புப் பார்ப்பது ஆகியவை உங்கள் பொறுப்பு. நீங்கள் என்னிடம் நேரடியாக வேலை செய்வீர்கள். முதல் நூலை நாம் இருவரும் சேர்ந்தே முடிப்போம். அடுத்ததிலிருந்து நீங்கள் பார்த்த பிறகு நான் ஒருமுறை பார்ப்பேன், அவ்வளவுதான்.

இந்த ஆண்டின் வேலைச் சுமையை இப்போதே சொல்லிவிடுவதுதான் முறை. கோவிட் காலத்துக்குப் பின் மார்ச்சுக்கும் பிப்ரவரிக்கும் தள்ளிப்போயிருந்த பள்ளித் தொடக்கம், 2026இல் மறுபடி ஜனவரிக்கு வருகிறது. பெற்றோர் டிசம்பர் விடுமுறையிலேயே புத்தகக் கடைக்கு வந்துவிடுவார்கள். அதனால் நம் நூல்கள் நவம்பர் கடைசிக்குள் கடைகளுக்குப் போயாக வேண்டும். நீங்கள் சேர்ந்த இரண்டாவது வாரத்திலிருந்தே வேலை நெருக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சில சனிக்கிழமைகளும் வர வேண்டியிருக்கும். அப்படி வரும் நேரத்துக்கு மிகைநேரச் சம்பளம் உண்டு. சாதாரண மணிக்கூலியில் ஒன்றரை மடங்கு. உங்கள் சம்பளத்தை 26 நாளுக்கும் நாளுக்கு 8 மணி நேரத்துக்கும் வகுத்தால் மணிக்கு 18 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் வரும். மிகைநேரத்துக்கு 27 ரிங்கிட்டுக்கு மேல். நம் துறையில் ‘கொஞ்சம் ஒத்துழையுங்கள்’ என்று சொல்லியே இந்தப் பணத்தைக் கொடுக்காமல் விடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இங்கே அது நடக்காது. நேரத்தை எழுதி வையுங்கள், நான் கையொப்பமிடுவேன்.

சம்பளத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். நீங்கள் 4,200 கேட்டிருந்தீர்கள். அது அதிகமான தொகை என்று நான் நினைக்கவில்லை, நிர்வாகத்திடமும் அதையே சொன்னேன். ஆனால் இந்த ஆண்டுக்கு ஒதுக்கியிருக்கும் தொகைக்குள் 3,800இல் தொடங்கி, தகுதிகாண் காலம் முடிந்ததும் 4,000 ஆக்குவதற்குத்தான் ஒப்புதல் கிடைத்தது. இந்த 200 ரிங்கிட் உயர்வு நியமனக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கும், வாய்ச்சொல்லாக விடவில்லை. அடுத்த சம்பள மறுபரிசீலனை 2026 ஜூலையில். போனஸ் கொடுக்க முடிந்த ஆண்டுகளில் கொடுத்திருக்கிறோம், ஆனால் உறுதி சொல்ல முடியாது. அதனால் அதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கைக்கு எவ்வளவு வரும் என்பதுதான் வீட்டில் கேட்கும் கேள்வி. 3,800இல் ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 418 ரிங்கிட். சொக்சோவுக்கு 18.75, வேலை காப்புறுதித் திட்டத்துக்கு 7.50. இவை போக 3,355.75 ரிங்கிட் நிற்கும். பயணப்படி 150 சேர்ந்தால் 3,505.75. மாத வருமான வரிப் பிடித்தம் உங்கள் குடும்ப நிலையைப் பொறுத்து மாறும். சேமநிதிக்கு நாங்கள் செலுத்தும் 13 விழுக்காடு, அதாவது 494 ரிங்கிட், உங்கள் சம்பளத்திலிருந்து எடுப்பதல்ல, அதற்கு மேல் தருவது. இப்போது நீங்கள் வேலை செய்யும் இடத்தில் சேமநிதி கட்டவில்லை என்று சொன்னீர்கள். ஆகவே இரண்டு சம்பளத்தையும் ஒப்பிடும்போது கைக்கு வரும் தொகையை மட்டும் பார்க்காமல், மாதம் 912 ரிங்கிட் உங்கள் பெயரில் சேர்வதையும் சேர்த்துப் பாருங்கள். சம்பளம் ஒவ்வொரு மாதமும் 28ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் விழும்.

வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. கிள்ளானிலிருந்து கொமுட்டரில் கே.எல். சென்ட்ரல் வந்து நடந்துவிடலாம். ரயில் தாமதமாகும் நாட்கள் இருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 8 முதல் 9.30க்குள் எப்போது வந்தாலும் சரி, அதற்கேற்ப மாலையில் கிளம்பலாம். காரில் வருவதானால் பிரிக்பீல்ட்ஸில் வண்டி நிறுத்தும் இடத்துக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது.

ஆண்டு விடுப்பு 12 நாள். முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சட்டம் கேட்பது 8 நாள்தான், ஆனால் அது போதாது என்பது எங்கள் எண்ணம். மருத்துவ விடுப்பு 14 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை. இந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. மறுநாள் செவ்வாயும் அலுவலகம் மூடியிருக்கும், அது உங்கள் விடுப்பில் கழியாது. வெளிநோயாளிச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 800 ரிங்கிட் வரை திருப்பித் தருகிறோம். மருத்துவமனைக் காப்புறுதி எங்களிடம் இல்லை. சொந்தமாக ஒன்று வைத்திருந்தால் அதை நிறுத்திவிடாதீர்கள்.

தகுதிகாண் காலம் மூன்று மாதம், நவம்பர் 17 வரை. அந்தக் காலத்தில் விலக நினைத்தால் இரு தரப்புக்கும் இரண்டு வார அறிவிப்பு, பணி உறுதியான பிறகு ஒரு மாதம். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நாம் உட்கார்ந்து பேசுவோம். ஏதாவது சரியில்லை என்றால் அதை நவம்பரில் திடீரென்று கேள்விப்படும் நிலை உங்களுக்கு வராது.

சேரும் நாளை ஆகஸ்ட் 18 என்று வைத்ததற்குக் காரணம் உங்கள் மாணவர்கள். அவர்களைப் பாதியில் விட்டு வர முடியாது, வேறு ஆசிரியரிடம் ஒப்படைக்க ஒரு மாதம் வேண்டும் என்று நேர்காணலில் சொன்னீர்கள். எங்களுக்கு ஆகஸ்ட் 4 வசதியாக இருந்திருக்கும், ஆனாலும் உங்கள் பேச்சில் நியாயம் இருந்தது. ஜூலை 16 அன்று விலகல் கடிதம் கொடுத்தால் ஆகஸ்ட் 15, வெள்ளியோடு ஒரு மாதம் நிறைவாகும்.

ஒரு வேண்டுகோள்: இந்த மின்னஞ்சலை மட்டும் நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். உங்கள் சம்மதம் வந்த அன்றோ மறுநாள் காலையிலோ, எங்கள் இயக்குநர் கையொப்பமிட்ட நியமனக் கடிதத்தை அனுப்புவேன். அதைப் படித்து, இங்கே சொன்னவை எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று பார்த்து, நீங்களும் கையொப்பமிட்ட பிறகு விலகல் கடிதம் கொடுங்கள். வேறு யார் வேலை கொடுத்தாலும் இப்படியே செய்யுங்கள்.

பதில் சொல்வதற்கு, இந்த மின்னஞ்சலுக்கே ‘சம்மதம்’ அல்லது ‘சம்மதமில்லை’ என்று எழுதினால் போதும். சம்மதமானால் அடையாள அட்டை, பட்டச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களோடு சேமநிதி எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பழைய சம்பளச் சீட்டு வேண்டாம். ஜூலை 15 மாலை 5 மணிக்குள் பதில் வரவில்லையென்றால், பட்டியலில் அடுத்து இருப்பவரை அழைக்க வேண்டியிருக்கும். அவரையும் நீண்ட நாள் காத்திருக்க வைப்பது சரியல்ல. இன்னும் இரண்டு மூன்று நாள் தேவை என்று தோன்றினால், அந்தக் கெடுவுக்கு முன்பே சொல்லுங்கள், ஏற்பாடு செய்யலாம்.

கேள்விகள் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். சம்பளம், விடுப்பு பற்றிக் கேட்பதால் உங்களைப் பற்றிய எங்கள் எண்ணம் மாறாது. வியாழன், வெள்ளி மாலை 3 மணிக்கு மேல் என்னைத் தொலைபேசியில் பிடிக்கலாம், நேர்காணலுக்கு அழைத்த அதே எண்தான். அலுவலகத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க விரும்பினால் சனிக்கிழமை காலை வாருங்கள், நான் இருப்பேன். அம்மாவையோ அப்பாவையோ அழைத்து வந்தாலும் சரிதான்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
சரவணன்
ஆசிரியர் குழு மேலாளர்
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்